கேள்வி-பதில்: மாடிப் படத்தில் தெரியாத நிழல்

மொட்டை மாடியின் படம் அனுப்பியிருக்கிறேன். மே மாதம், மதியம் எடுத்தது. நடுவில் சுவர் எழுப்பிக் கட்டிய தண்ணீர் டேங்க், உச்சி வரை 3 மீட்டர். அதற்கு வடக்கே அரை மீட்டர் தள்ளி நிழலே இல்லாத இடம் இருக்கிறது. சோலார் வாட்டர் ஹீட்டரை அங்கே வைக்கலாமா? எங்கள் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 11 டிகிரியில்.

வேண்டாம். அந்தப் படம் உங்களை நேர் எதிர்ப் பக்கம் அனுப்பப் பார்க்கிறது.

உங்கள் ஊரில் மே மாத மதியத்தில் சூரியன் தலைக்கு மேலே, சற்று வடக்கே சாய்ந்து நிற்கும். அதனால் டேங்கின் நிழல் தெற்குப் பக்கத்தில் கொஞ்சம்போல விழுந்திருக்கிறது, வடக்கே வெளிச்சமாக இருக்கிறது. டிசம்பரில் கதை மாறிவிடும். அப்போது மதியச் சூரியனே தெற்கு வானத்தில் சுமார் 55 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். எந்தப் பொருளின் நிழலும் அதன் உயரத்தில் 0.7 பங்கு நீளத்துக்கு வடக்கே விழும். காலை ஒன்பது மணிக்கு அதுவே உயரத்தைப் போல ஒன்றரை மடங்காகி வடமேற்கே நீளும், பிற்பகல் மூன்று மணிக்கு வடகிழக்கே. வெந்நீர் அதிகம் தேவைப்படும் மாதமும் அதுதான்.

உங்கள் டேங்கை வைத்தே கணக்குப் போடுவோம். பேனலின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 0.3 மீட்டரில் இருக்கும் என்று கொள்வோம். அப்போது நிழல் தரும் உயரம் 2.7 மீட்டர். டிசம்பர் மதியம் நிழல் 1.9 மீட்டர் வடக்கே வரும். ஒன்பது மணிக்கு 4 மீட்டர் நீளம், ஆனால் சாய்வாகப் போவதால் வடக்குத் திசையில் மட்டும் அளந்தால் சுமார் 2.5 மீட்டர். நீங்கள் சொன்ன இடத்தில் 2 மீட்டர் நீளப் பேனலை வைத்தால், உச்சி வெயில் நேரத்திலேயே அதன் கீழ்ப் பாதி நிழலில் கிடக்கும்.

டேங்குக்குத் தெற்கே ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். ஜூனில் நிழல் தெற்கே திரும்பும், ஆனாலும் மதியம் 0.6 மீட்டரைத் தாண்டாது, காலை ஒன்பதுக்கும் தெற்கே ஒரு மீட்டர் அளவுதான். இதில் இன்னொரு வசதியும் உண்டு. பம்ப் இல்லாமல் ஓடும் ஹீட்டருக்குக் குளிர்ந்த தண்ணீர் மேலிருந்து இறங்க வேண்டும், எனவே தண்ணீர் டேங்கின் அடிப்பகுதி ஹீட்டரின் வெந்நீர்த் தொட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். அதாவது டேங்க் உயரமாகவும் அருகிலும் இருந்தே ஆக வேண்டும். பேனல் தெற்கைப் பார்த்துச் சாய்ந்து நின்றால், அதன் உயரமான பின்பக்கம் டேங்கை நோக்கி வரும், குழாயும் குட்டையாக முடிந்துவிடும். தெற்கே இடமே இல்லையென்றால் வடக்கே 3 மீட்டராவது விடுங்கள்.

பூமத்திய ரேகைக்குத் தெற்கே வசிப்பவர்கள் வடக்கையும் தெற்கையும், ஜூனையும் டிசம்பரையும் மாற்றிப் படிக்கவும்.

அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். படம் இணைத்திருக்கிறேன். இடம் சரியா, ஒரே வரியில் சொல்லுங்கள்.

சொல்ல முடியாது. படத்தில் வடக்கு எது என்று குறிக்கவில்லை, எடுத்த தேதியும் நேரமும் இல்லை, எதன் உயரமும் தெரியவில்லை. பணம் கொடுப்பதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. திசையை போன் காம்பஸில் பாருங்கள், இரும்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் முள் தவறு காட்டும். சில அடி தள்ளி நின்று பார்த்து, வரைபடச் செயலியின் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் எழுதுங்கள்.

மாடியின் தெற்கு ஓரத்தில் ஒரு மீட்டர் கைப்பிடிச் சுவர். ஹீட்டரை அதை ஒட்டி வைக்கலாமா?

ஒரு மீட்டர் உள்ளே தள்ளி வையுங்கள், போதும். வடக்குச் சுவரைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

ஒரு தளம் மட்டும் உள்ள வீடு. பக்கத்து வீட்டு மரம் தென்கிழக்கே 6 மீட்டர் தூரத்தில், சுமார் 10 மீட்டர் உயரம். படத்தில் மாடி மேல் நிழல் இல்லை. விடலாமா?

படம் எடுத்த நேரத்தில் இல்லை, அவ்வளவுதான். உங்கள் மாடித் தளம் மூன்றரை மீட்டர் உயரத்தில் என்றால், பேனலுக்கு மேலே மரம் சுமார் 6 மீட்டர் நிற்கிறது. பேனலிலிருந்து அதன் உச்சியைப் பார்க்கும் கோணம் 46 டிகிரி. நீங்களும் 11 டிகிரி வாக்கில் இருந்தால், டிசம்பரில் சூரியன் அந்த உயரத்தை எட்டக் காலை பத்து மணி ஆகிவிடும். அதுவரை நிழல்தான். ஒரு மணி நேரம் போனாலும் மீதிப் பகல் கையில் இருக்கிறது, ஹீட்டர் வேலை செய்யும்.

மரம் வளரும் என்பதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இன்னும் 3 மீட்டர் வளர்ந்து கிளைகளும் அகலமாகப் பரவினால் நிழல் பதினொரு மணி வரை நிற்கும். அடுத்த ஐந்தாறு ஆண்டுகளை நினைத்து, பேனலை மாடியின் வடமேற்குப் பக்கம் இயன்றவரை தள்ளுங்கள். ஹீட்டருக்காக அந்த மரத்தை வெட்டச் சொல்லிக் கேட்காதீர்கள்.

படிக்கட்டு அறைக்கு வடக்கே வைத்துவிட்டுப் போனார்கள். கோடையில் நன்றாக இருந்தது. இப்போது தண்ணீர் வெதுவெதுப்புத்தான். கேட்டால் "குளிர்காலத்தில் இப்படித்தான்" என்கிறார்கள்.

இப்படித்தான் என்று உங்களிடம் சொன்னது பொய். குளிர்காலத்தில் சூடு கொஞ்சம் குறையும், வெதுவெதுப்பு ஆகாது.

இதே பதிலை நானும் கேட்டிருக்கிறேன். என் வீட்டுக்கு வந்த விற்பனையாளர் மேலே ஏறிக்கூடப் பார்க்கவில்லை. ஏப்ரல் மாதத்தில் நான் அனுப்பிய படத்தைப் பார்த்து "அருமையான இடம்" என்றார். நம்பினேன். டிசம்பரில் படிக்கட்டு அறையின் நிழல் பகல் முழுக்கப் பேனலை மூடியது. ஸ்டாண்டைக் கழற்றி, குழாயை மாற்றி, இடம் பெயர்த்த செலவு முழுவதும் என் தலையில் விழுந்தது. கோடை மதியத்தில் எடுத்த படத்தை வைத்து இடம் குறிப்பவர் தொழில் தெரியாதவர், அல்லது தெரிந்தே செய்பவர். வாங்குகிறவருக்குச் சூரியன் நகர்வது தெரியாமல் இருக்கலாம், விற்கிறவருக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது. டிசம்பர் நிழல் எங்கே விழும் என்று சாக்பீஸால் தரையில் கோடு போட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

உங்களுக்கு இப்போது செய்ய வேண்டியது இது. வெயில் அடிக்கும் ஒரு நாளில் காலை ஒன்பது, மதியம் பன்னிரண்டு, பிற்பகல் மூன்று மணிக்குப் பேனல் முழுவதும் தெரியும்படி மூன்று படங்கள் எடுங்கள், தேதியும் நேரமும் தெரிய வேண்டும். இடத்தைத் தேர்ந்தெடுத்தது அவர்கள்தான் என்பதற்கான செய்தியோ பில்லோ இருந்தால் சேர்த்து, அவர்கள் செலவிலேயே இடம் மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். போனில் பேசிவிட்டு விடாதீர்கள். அவர்கள் தவறுக்கு நீங்கள் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

கொடிக் கம்பியின் நிழலும் ஆன்டெனாக் குழாயின் நிழலும் பேனல் மேல் விழுகின்றன. மின்சாரம் தயாரிக்கும் சோலாரில் சின்ன நிழலும் கெடுதல் என்கிறார்களே?

அது மின்சாரப் பேனலுக்கு. அங்கே செல்கள் வரிசையாக இணைந்திருப்பதால் ஒரு மூலையில் விழும் நிழல்கூட வரிசை முழுவதையும் இழுத்துவிடும். வாட்டர் ஹீட்டரில் நிழல் மூடிய பரப்பளவுக்குத்தான் சூடு குறையும். கம்பி இருக்கட்டும். அதில் போர்வை காயப் போடாதீர்கள்.