மூன்று வருட வேலைக்குப் பிறகு எம்.இ.: ரெஸ்யூமேயில் எது மேலே?

கேள்வி: பி.இ. மெக்கானிக்கல் முடித்து மூன்று ஆண்டுகள் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்த்தேன். பிறகு வேலையை விட்டுவிட்டு முழுநேர எம்.இ. சேர்ந்தேன், வரும் மே மாதம் முடிகிறது. ரெஸ்யூமேயில் படிப்பை மேலே போடுவதா, அனுபவத்தையா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்:

உங்களுக்கு ஒரு ரெஸ்யூமே போதாது, இரண்டு வேண்டும். வடிவமைப்பு, ஆராய்ச்சிப் பிரிவு வேலைகளுக்கு அனுப்புவதில் எம்.இ. மேலே இருக்கட்டும். தரக்கட்டுப்பாடு, உற்பத்திப் பிரிவு வேலைகளுக்கு அனுப்புவதில் அனுபவம் மேலே வர வேண்டும். காரணத்தைச் சொல்கிறேன்.

கோவையில் பம்ப் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் பதினேழு ஆண்டுகளாக இருக்கிறேன். எங்கள் துறைக்கு ஆள் எடுக்கும்போது ரெஸ்யூமேக்கள் என் மேசைக்குத்தான் வரும். நான் செய்யும் முதல் வேலை அவற்றை முழுதாகப் படிப்பது இல்லை, இரண்டு கட்டாகப் பிரிப்பது. ஒன்று பயிற்சிப் பொறியாளர் கட்டு, மற்றது அனுபவம் உள்ளவர்கள் கட்டு. இரண்டுக்கும் சம்பள வரம்பு வேறு, தேர்வு வேறு, நேர்காணலில் உட்காருபவர்களும் வேறு. முதல் பக்கத்தின் மேல்பகுதியை மட்டும் பார்த்துத்தான் பிரிக்கிறோம். ஒரு பதவிக்கு இருநூறு பேர் விண்ணப்பித்திருக்கும்போது வேறு வழியில்லை. ஆகவே மேலே எது இருக்கிறது என்பது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. நீங்கள் எந்தக் கட்டில் விழுகிறீர்கள் என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

இப்படிப் பிரித்ததில் நான் ஒருவருக்குச் செய்த தவறு இன்றும் மனத்தை உறுத்துகிறது. அவரும் உங்களைப் போல வேலைக்குப் போய்விட்டு எம்.இ. படித்தவர். முதல் பக்கம் முழுவதும் பத்தாம் வகுப்பிலிருந்து எம்.இ. வரை மதிப்பெண் அட்டவணை, புராஜெக்ட் தலைப்பு, கலந்துகொண்ட பயிலரங்குகள். அனுபவம் இரண்டாம் பக்கத்தின் அடியில் நான்கு வரிகளில் இருந்தது. நான் பக்கத்தைத் திருப்பவே இல்லை. பயிற்சிக் கட்டில் வைத்துவிட்டேன். கல்லூரியிலிருந்து அப்போதுதான் வந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து அவர் எழுத்துத் தேர்வு எழுதினார். நேர்காணலில் பம்ப் கேசிங்கின் துளையும் முகப்பும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். அவர் என் பேனாவை வாங்கி, எந்தப் பரப்பைப் பிடித்துப் பொருத்துவது, டயல் கேஜை எங்கே வைத்துச் சுற்றுவது என்று தாளில் வரைந்து காட்டினார். இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று பழகிய கை அது. அப்புறம்தான் இரண்டாம் பக்கத்தைப் பார்த்தேன். ஆனால் அவர் பெயர் பயிற்சியாளர் பட்டியலில் ஏறிவிட்டது. அந்தச் சம்பளத்தைத்தான் கொடுக்க முடிந்தது. அவர் மறுத்துவிட்டார், நியாயம்தான்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

தரக்கட்டுப்பாட்டு வேலைக்கு அனுப்பும் ரெஸ்யூமேயில் அனுபவத்தை மேலே வைத்தால் ஒரு சிக்கல் வரும். கடைசி வேலை முடிந்த தேதி இரண்டு ஆண்டுகளுக்கு முந்தையதாக இருக்கும். படிப்பு கீழே இருப்பதால், இந்த ஆள் இரண்டு ஆண்டுகள் சும்மா இருந்தாரா என்ற சந்தேகம் முதலில் வந்துவிடும். அதனால் பெயர், தொலைபேசி எண்ணுக்கு அடியில் இரண்டே வரிகளில் முழுக் கதையையும் சொல்லிவிடுங்கள். “இயந்திரக் கடைசல் உதிரிபாகங்களின் தரக்கட்டுப்பாட்டில் 3 ஆண்டு அனுபவம். அதன்பின் முழுநேர எம்.இ., மே மாதம் முடிகிறது” என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதினால் போதும். அந்த இடத்தில் பலரும் எழுதும் “சவாலான பணிச்சூழலில் என் திறமையை” என்ற வகைக் குறிக்கோள் வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். அதை யாரும் படிப்பதில்லை, ரெஸ்யூமேயின் விலை உயர்ந்த இடத்தை அது அடைத்துக்கொள்கிறது.

அதற்கடுத்து அனுபவம். “தரப் பரிசோதனை செய்தேன், அறிக்கை தயாரித்தேன்” என்று எழுதினால் மேலே வைத்தும் பயனில்லை, அந்தப் பதவியில் இருக்கும் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். எந்த உதிரிபாகம், எந்த அளவு தவறிக்கொண்டிருந்தது, காரணத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், எதை மாற்றினீர்கள், கழிவு எவ்வளவு குறைந்தது என்று ஒரு சம்பவத்தையாவது எழுதுங்கள். எண் நினைவில் இல்லையென்றால் கற்பனையாக ஒன்றைப் போடாதீர்கள். நேர்காணலில் அடுத்த கேள்வியே “எப்படி அளந்தீர்கள்” என்பதாகத்தான் இருக்கும். இதன் கீழே எம்.இ. இரண்டு வரி, பி.இ. ஒரு வரி.

வடிவமைப்பு வேலைக்கான ரெஸ்யூமேயில் அதே இரண்டு வரிச் சுருக்கம் இருக்கட்டும், ஆனால் வரிசை மாறும். அங்கே எங்களுக்கு எழும் முதல் கேள்வி, இந்த ஆளுக்கு வடிவமைப்பும் கணக்கீடும் தெரியுமா என்பது. உங்கள் மூன்று ஆண்டு வேலை அதற்கு நேரடிப் பதில் தராது, எம்.இ. புராஜெக்ட் தரும். எனவே எம்.இ.யை மேலே வைத்து, புராஜெக்ட்டை ஒரு வேலையைப் போலவே விவரித்து எழுதுங்கள். புராஜெக்ட் எது என்று நீங்கள் சொல்லவில்லை. பம்ப் இம்பெல்லரில் நீரோட்டத்தைக் கணினியில் ஆராய்ந்தது என்று வைத்துக்கொள்வோம். மென்பொருளின் பெயரை மட்டும் போட்டால் நான் கடந்து போய்விடுவேன். இறக்கைகளின் கோணத்தை ஏன் மாற்றினீர்கள், கணினி சொன்ன ஹெட்டுக்கும் சோதனை மேடையில் அளந்த ஹெட்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் வந்தது, அதற்கு என்ன காரணம் கண்டீர்கள் என்று இருந்தால் அங்கேயே நின்றுவிடுவேன்.

அனுபவத்தை அதற்கு நேர் அடியில், முதல் பக்கத்திலேயே வையுங்கள். இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளினால் நான் மேலே சொன்னவருக்கு நடந்ததுதான் நடக்கும். உண்மையில் வடிவமைப்புப் பிரிவிலும் உங்கள் தரக்கட்டுப்பாட்டு வருடங்கள் பெரிய பலம். வரைபடத்தில் தேவையில்லாமல் இறுக்கமான டாலரன்ஸ் போட்டால் கீழே இயந்திரத்தில் என்ன பாடுபடுவார்கள் என்று தெரிந்த வடிவமைப்பாளர் கிடைப்பது அரிது. அதைச் சொல்லும் ஒரு வரி அங்கே இருக்கட்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் சிலவற்றைச் சொல்கிறேன். இப்போதுதான் கல்லூரி முடித்தவருக்குப் படிப்புதான் மேலே. பயிற்சிப் பொறியாளர்களை எடுக்கும் நிறுவனங்கள் பல, தேர்ச்சி பெற்ற ஆண்டு, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் ஆகியவற்றின் சதவீதம், நிலுவையில் அரியர் உண்டா என்பதை முதலில் சரிபார்க்கும். தேட வைக்காமல் அவை ஒரே பார்வையில் கிடைக்க வேண்டும். டிப்ளமோ முடித்து இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்தவர்கள், பன்னிரண்டாம் வகுப்பு வர வேண்டிய இடத்தில் டிப்ளமோ மதிப்பெண்ணைப் போட வேண்டும். விட்டுவிட்டால் விவரம் முழுமையில்லை என்று ஒதுக்கிவிடுவார்கள்.

ஓராண்டு அப்ரண்டிஸ் பயிற்சி முடித்தவர்கள் அதைப் படிப்புக்கு அடுத்து, பயிற்சி என்ற தலைப்பிலேயே எழுதுங்கள். வேலை அனுபவம் என்று எழுதுவது பின்னால் தொல்லையாகும். அப்ரண்டிஸ் சட்டத்தின்கீழ் பயிற்சி பெறுபவருக்கு பி.எஃப். பிடிப்பதில்லை. பின்னணிச் சரிபார்ப்பில் பி.எஃப். கணக்கைப் பார்ப்பவர்களுக்கு அந்த ஓராண்டு அங்கே தெரியாது, பொய் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். பயிற்சி என்றே இருந்தால் சான்றிதழைக் காட்டினால் முடிந்தது.

முதல் வேலையில் சேர்ந்த பிறகு எப்போது வரிசையை மாற்றுவது? வருடக் கணக்கை நான் பார்ப்பதில்லை. கல்லூரியிலிருந்து நேராக வருபவரால் எழுதவே முடியாத மூன்று வரிகளை உங்களால் எழுத முடிந்தால் அன்றே மாற்றலாம். சிலருக்கு ஒரே ஆண்டில் அது வந்துவிடும், பெரும்பாலோருக்கு இரண்டு ஆண்டுகள் ஆகும். ஐந்தாறு ஆண்டுகள் கடந்துவிட்டால் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு வேலையே இல்லை. படிப்பு கடைசியில் ஓரிரு வரியில் நிற்கும்.

எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் படிப்பு மேலேயே இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. பொறியியல் கல்லூரி உதவிப் பேராசிரியர் வேலைக்கு பி.இ., எம்.இ. இரண்டும் வேண்டும், ஏதாவது ஒன்றில் முதல் வகுப்பு இருக்க வேண்டும் என்பது ஏ.ஐ.சி.டி.இ. விதி. அது கண்ணில் படாவிட்டால் தொழிற்சாலையில் பார்த்த பதினைந்து ஆண்டு வேலையை அங்கே யாரும் படிக்க மாட்டார்கள். தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலர் பதவியும் இப்படித்தான். தொழிலகப் பாதுகாப்பில் பெற்ற பட்டம் அல்லது டிப்ளமோ முதல் வரியிலேயே தெரிய வேண்டும், அந்தத் தகுதி இல்லாதவரை விரும்பினாலும் எடுக்க முடியாது. நீங்கள் எம்.இ. முடித்ததும் கல்லூரிகளுக்கும் விண்ணப்பிப்பதாக இருந்தால் உங்களுக்கு மூன்றாவது ரெஸ்யூமேயும் வேண்டியிருக்கும்.

இணையத்தில் பதிவேற்றும்போது வரிசையைவிடத் தலைப்புகள் முக்கியம். `Work Experience`, `Education` என்று வழக்கமான பெயர்களையே வையுங்கள். இரண்டு பத்தியாகப் பிரித்த அலங்கார வடிவங்களையும் அட்டவணைகளையும் பல மென்பொருள்கள் ஒழுங்காகப் படிப்பதில்லை. தேதிகளில் மாதமும் ஆண்டும் இருக்கட்டும்.

பட்டம் இன்னும் கைக்கு வரவில்லை என்பதால் எம்.இ.க்கு எதிரில் மே மாதம் முடிகிறது என்று தெளிவாக எழுதி, இதுவரை முடிந்த செமஸ்டர்களின் சி.ஜி.பி.ஏ.யைப் போடுங்கள். பழைய நிறுவனத்தின் ரிலீவிங் லெட்டர் கையில் இல்லையென்றால் இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். இரண்டு ரெஸ்யூமேக்களையும் அச்செடுத்த பிறகு, உங்களைத் தெரியாத ஒருவரிடம் முதல் பக்கத்தை மட்டும் பத்து நொடி காட்டுங்கள். இந்த ஆள் புதியவரா அனுபவம் உள்ளவரா, எந்த வேலை கேட்கிறார் என்று கேளுங்கள். ஒரு ரெஸ்யூமேயைப் பார்த்தாவது அவர் ‘இப்போதுதான் படித்து முடித்தவர்’ என்று சொன்னால், அந்தப் பக்கத்தின் மேல்பாதியை மறுபடி எழுதிவிட்டு அனுப்புங்கள்.