1,365 ரூபாய் பில்லும் கிழிந்துபோன விலைச் சீட்டும்

கேள்வி: ஐயா, ஏற்காட்டில் குளிருக்கு வேண்டுமென்று சேலத்தில் ஒரு கடையில் என் மகனுக்கு ஜெர்கின் ஜாக்கெட் வாங்கினேன். பில்லில் 1,365 ரூபாய், 35 சதவீதத் தள்ளுபடி என்று மட்டும் இருக்கிறது. சீட்டைக் கடையிலேயே பிய்த்துவிட்டார்கள். அசல் விலை 2,100 என்கிறார் கடைக்காரர். நான் கால்குலேட்டரில் 35 சதவீதம் கூட்டிப் பார்த்தால் 1,843 தான் வருகிறது. 257 ரூபாய் ஏமாந்துவிட்டேனா?

பதில்: கூட்டல் கணக்கில் கடைக்காரர் சொன்னதுதான் சரி அம்மா. ஆனால் அதோடு அவரை விட்டுவிட வேண்டாம். பார்க்க வேண்டிய இடம் வேறொன்று இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கால்குலேட்டர். நீங்கள் 1,365-ஐ அழுத்தி, கூட்டல் குறி போட்டு, 35 போட்டு, சதவீதப் பொத்தானைத் தட்டியிருப்பீர்கள். அது 1,365-இல் 35 சதவீதத்தைக் கண்டுபிடித்துச் சேர்த்துவிட்டது. கடைக்காரர் கழித்ததோ 1,365-இலிருந்து அல்ல, சீட்டில் இருந்த பெரிய விலையிலிருந்து. பெரிய தொகையில் 35 சதவீதம் பெரிதாக இருக்கும், சிறிய தொகையில் சிறிதாக இருக்கும். எடுத்தது பெரிது, நீங்கள் திருப்பி வைத்தது சிறிது. அதனால்தான் பழைய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை.

நேர்வழி இது. சீட்டு விலையை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 35 பங்கு போனால் மீதி 65 பங்கு. அந்த 65 பங்குக்குத்தான் நீங்கள் 1,365 ரூபாய் கொடுத்தீர்கள். 1,365-ஐ 65-ஆல் வகுத்தால் ஒரு பங்கு 21 ரூபாய். நூறு பங்கு 2,100. சரிபார்க்க வேண்டுமானால் மறுபடி முன்பக்கமாகப் போய்ப் பாருங்கள்: 2,100-இல் 35 சதவீதம் 735. கழித்தால் 1,365. உங்கள் 1,843-ஐ அதே மாதிரி சோதித்தால் 1,198 தான் வருகிறது, 1,365 வரவில்லை. எந்தத் தள்ளுபடியானாலும் இப்படித்தான்: போன சதவீதத்தை நூறிலிருந்து கழித்து, கொடுத்த தொகையை அந்த மீதியால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். விலை 999, 1,299 என்று முடிந்தால் விடை ஒரு ரூபாய் இப்படி அப்படி வரும். கடையில் காசைச் சரிசெய்ததால் வருவது அது, பிழையில்லை.

இனி நான் சொன்ன அந்த இடம். பில்லில் ஜி.எஸ்.டி. என்று ஏதாவது வரி இருக்கிறதா பாருங்கள். சீட்டில் அச்சடித்த எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் சேர்ந்த விலை. அதற்கு மேல் வரி கேட்கக் கூடாது, தள்ளுபடி கொடுத்த பிறகும் கேட்கக் கூடாது. ஆனால் நம்மூர்க் கடைகளில் சிலர் தள்ளுபடி போட்டுவிட்டு, அந்தத் தொகைக்கு மேல் வரியைச் சேர்க்கிறார்கள். இதை 2017 ஜனவரியிலேயே தேசிய நுகர்வோர் ஆணையம் நியாயமற்ற வணிக முறை என்று சொல்லிவிட்டது. அப்போது இருந்தது வாட் வரி, இப்போது ஜி.எஸ்.டி. பெயர் மாறியதே ஒழிய பழக்கம் மாறவில்லை.

உங்கள் தொகை விஷயத்தில் இது வேடிக்கையாக ஒத்துப்போகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய்க்குள் விற்கும் ஆடைக்கு 5 சதவீத வரி. சீட்டில் 2,000 என்று இருந்ததென்று வைத்துக்கொள்வோம். 35 சதவீதம் கழித்தால் 1,300. அதற்கு மேல் 5 சதவீதம் என்று 65 ரூபாய் சேர்த்தால் எவ்வளவு? அதே 1,365!

ஆக, நீங்கள் கையில் வைத்திருக்கும் தொகைக்கு இரண்டு அசல் விலை இருக்க முடியும். 2,100 என்றால் கடைக்காரர் நேர்மையானவர். 2,000 என்றால் 65 ரூபாயை உங்களிடம் கூடுதலாக வாங்கியிருக்கிறார்.

பில்லைப் பார்த்தே இதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். வரி உள்ளடங்கிய விலைக்கு ஒழுங்காகப் பில் போட்டாலும் அதில் 1,300 தனியாகவும், மத்திய வரி 32.50, மாநில வரி 32.50 தனியாகவும் பிரித்துத்தான் காட்டுவார்கள். அதைப் பார்த்து, ஐயோ வரி சேர்த்துவிட்டான் என்று சண்டைக்குப் போக வேண்டாம். இரண்டு பில்லும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கும். வித்தியாசம் தெரிவது ஒரே இடத்தில்தான், எத்தனை ரூபாய் தள்ளினார்கள் என்ற தொகையில். எம்.ஆர்.பி.யிலிருந்து 735 என்றால் 2,100. 700 என்றால் 2,000. உங்கள் பில்லில் அந்த ரூபாய்த் தொகை இல்லை, சதவீதம் மட்டும் இருக்கிறது. அதையும் அச்சிடுவதில் அவர்களுக்கு என்ன சிரமமோ!

அதனால் கடைக்குப் போய், அதே ஜெர்கின் இன்னொன்று தொங்குகிறதா என்று பாருங்கள். அதன் சீட்டில் எம்.ஆர்.பி. என்ன? மேலே ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தால் ஓரத்தை நகத்தால் தூக்கிப் பாருங்கள். பழைய விலையை மறைத்து, புதிதாக ஏற்றிய விலைக்குத் தள்ளுபடி தருவது ஆடிக் கழிவின் பழைய வித்தை. நானும் ஒருமுறை சட்டை வாங்கி, வீட்டுக்கு வந்து ஒட்டுத்தாளை உரித்த பிறகுதான் அரைத் தள்ளுபடியின் லட்சணம் தெரிந்தது.

'20+15' என்று பலகை வைத்திருந்தால் அதை 35 என்று படித்துவிடாதீர்கள். முதல் தள்ளுபடிக்குப் பின் மிஞ்சியதில்தான் அடுத்தது எடுப்பார்கள், மொத்தம் 32 தான் கிடைக்கும்.

இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும், ஏற்காடு என்று சொன்னதால். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற சுற்றுலாக்காரரை, 'நமக்குத் தெரிந்த கடை, பாதி விலை' என்று வண்டிக்காரரோ தரகரோ கூட்டிப்போகும் இடங்களில் சீட்டே இருக்காது. சீட்டில்லாத துணிக்குத் தள்ளுபடி சதவீதம் என்பது வெறும் வாய்ச்சொல். மேலே சொன்ன கணக்கு அங்கே எதையும் காட்டாது, விலை பேசி வாங்குங்கள்.

சரி, சீட்டில் 2,000 என்றே இருக்கிறதென்று வையுங்கள். முதலில் கடையிலேயே 65 ரூபாயைக் கேளுங்கள், பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். மற்றபடி எம்.ஆர்.பி. சீட்டைக் கவனிப்பது தொழிலாளர் துறை, வரியைக் கவனிப்பது வணிக வரித் துறை, வழக்கைக் கேட்பது நுகர்வோர் ஆணையம். 65 ரூபாய்க்கு மூன்று வாசல் ஏறி இறங்கச் சொல்கிறது நம் ஏற்பாடு. அந்த அலைச்சலை நம்பித்தானே சிலர் இப்படிக் கணக்குப் போடுகிறார்கள்.

கடைக்குப் போகும்முன் பில்லைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், சூட்டில் அச்சாகும் அந்தப் பில் தாளில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும். அங்கே காட்டும்போது படத்தையோ நகலையோ காட்டுங்கள், அசலைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.