லாபம் இருக்கிறது, ஓடி மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது

கேள்வி: திருச்சியில் பிவிசி பைப், ஃபிட்டிங்ஸ் மொத்த வியாபாரம் செய்கிறேன். வருடம் ஜிஎஸ்டியோடு 7.30 கோடிக்கு பில் போடுகிறேன். லாபம் 18 லட்சம் என்கிறார் ஆடிட்டர். ஆனால் வங்கியில் வாங்கியிருக்கும் 70 லட்சம் ஓவர்டிராஃப்ட், அதாவது ஓடி, எப்போதும் முழுக்க எடுத்தபடியே இருக்கிறது. ஒரு ஏஜென்ட் இரண்டு சதவீத கமிஷனில் லிமிட்டை ஒரு கோடியாக ஏற்றித் தருகிறேன் என்கிறார். ஏற்றிக்கொள்ளலாமா? சப்ளையருக்குக் கொடுப்பதைத் தள்ளிப்போடுவது நல்லதா?

பதில்: லிமிட்டை ஏற்ற வேண்டாம். ஏற்றினாலும் அந்தப் பணம் உங்கள் கைக்கு வராது. ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன், நீங்கள் அனுப்பிய பட்டியலை வைத்து மூன்று கணக்குகளைப் போட்டுவிடுவோம்.

7.30 கோடியை 365ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 2 லட்சம் விற்பனை. பார்ட்டிகளிடம் நிற்பது 1.36 கோடி. ஆக, விற்ற சரக்கின் பணம் வந்து சேர சராசரியாக 68 நாள் ஆகிறது. இதே மாதிரி கொள்முதல் பில் 6.57 கோடி, நாளுக்கு 1.80 லட்சம். சப்ளையருக்குத் தர வேண்டியது 54 லட்சம் என்பதால் அது 30 நாள். கிடங்கில் 70 லட்சம் சரக்கு இருக்கிறது. சரக்கை ஜிஎஸ்டி இல்லாத விலையில்தான் எழுதுகிறோம், அதனால் கொள்முதலிலும் ஜிஎஸ்டியைக் கழித்துவிட்டு வகுக்க வேண்டும். ஏறக்குறைய 46 நாள் வருகிறது.

46-ஐயும் 68-ஐயும் கூட்டி 30-ஐக் கழியுங்கள். மிச்சம் 84 நாள். சப்ளையருக்குப் பணம் கொடுத்த நாளிலிருந்து அது திரும்பி உங்கள் கணக்கில் விழும் நாள்வரை 84 நாள் வெளியே கிடக்கிறது. இந்த 84 நாளைத்தான் வட்டி கட்டித் தாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். 18 லட்சம் லாபம் பொய்யில்லை, அது பார்ட்டிகளின் நோட்டில் இருக்கிறது.

சரி, ஏஜென்ட் விஷயத்துக்கு வருவோம். வங்கி லிமிட் என்று ஒரு தொகையைச் சொல்லும், ஆனால் அந்த மாதம் எடுக்க விடுவது டிராயிங் பவர் அளவுக்குத்தான். உங்கள் சாங்ஷன் கடிதத்தில் சரக்குக்கு 25, பாக்கிக்கு 40 சதவீதம் மார்ஜின் என்று போட்டிருக்கிறது. அதாவது அந்தப் பங்குக்கு வங்கி கடன் தராது. 70 லட்சம் சரக்கில் சப்ளையருக்குத் தர வேண்டிய 54-ஐக் கழித்தால் 16, அதில் மார்ஜின் போக 12 லட்சம். பாக்கியில் 90 நாள் தாண்டிய 34 லட்சத்தை வங்கி கணக்கிலேயே எடுக்காது. மீதி 1.02 கோடியில் மார்ஜின் போக 61 லட்சம். மொத்தம் 73 லட்சம். லிமிட் ஒரு கோடி என்று தாளில் எழுதினாலும் நீங்கள் எடுக்க முடிந்தது 73தான்.

அப்படியானால் ஏஜென்ட் எப்படி ஒரு கோடி காட்டுவார்? வங்கிக்குச் சரக்குக் கணக்கு காட்டும் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட்டில் 70 லட்சம் சரக்கை 106 லட்சம் என்று எழுதச் சொல்வார். ‘எல்லாரும் செய்றதுதான் சார்’ என்பார். கையெழுத்து உங்களுடையது. வங்கி அனுப்பும் ஸ்டாக் ஆடிட்டர் கிடங்கில் வந்து பைப்பை எண்ணும் நாளில் ஏஜென்ட் போன் எடுக்க மாட்டார், கமிஷன் முதலிலேயே வாங்கியிருப்பார். பொய் ஸ்டேட்மெண்ட் கொடுத்த கணக்கை மோசடிக் கணக்கு என்று வங்கி அறிவித்துவிட்டால், அதன்பின் பல வருடம் எந்த வங்கியிலும் கடன் கேட்க முடியாது.

இனி நிஜமான பணம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 68 நாளை 53 ஆக்கினால் 15 நாள், நாளுக்கு 2 லட்சம், ஆக 30 லட்சம். ஏஜென்ட் தருவதாகச் சொன்ன அதே தொகை, வட்டியும் இல்லை கமிஷனும் இல்லை.

ஆனால் 68 என்பது சராசரி, அதை நம்பி எல்லாருக்கும் போன் போடாதீர்கள். உங்கள் பாக்கியில் 72 லட்சம் 45 நாளுக்குள் இருக்கிறது. அவர்கள் ஒழுங்கான கடைக்காரர்கள், தொந்தரவு செய்ய வேண்டாம். 30 லட்சம் 45-க்கும் 90-க்கும் நடுவே. பழைய 34 லட்சமும் நான்கே கான்ட்ராக்டர்களிடம். அந்த 34-இல் ஐந்து லட்சத்துக்கு மேல் நீங்கள் ஏற்கெனவே கட்டிவிட்ட ஜிஎஸ்டி. கான்ட்ராக்டர் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அடுத்த மாதம் 20-ஆம் தேதி அரசுக்கு வரி போயாக வேண்டும். அவர் ஒரேயடியாகக் கைவிரித்தால் அந்த வரி திரும்பாது. வராத பணத்துக்கு வரி வாங்குகிற இந்த ஏற்பாட்டைப் பற்றிச் சங்கங்கள் மனு கொடுத்து அலுத்துவிட்டன.

கணக்கு எழுதும் டாலி மென்பொருளில் இன்னொன்றைக் கவனியுங்கள். அந்த நால்வரும் பில் நம்பர் சொல்லாமல் ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்று முழுத் தொகையாகப் போட்டிருக்கிறார்கள். உங்கள் பையன் அதை `On Account` என்று ஏற்றியிருக்கிறார். எந்த பில்லுக்கு என்று `Agst Ref` போட்டுப் பழைய பில்லிலிருந்து கழித்தால்தான் வயது சரியாகத் தெரியும். இப்போது 34 என்று காட்டுவது கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கலாம்.

சப்ளையரைத் தள்ளிப்போடுவது பற்றி. உங்கள் பைப் கம்பெனி ஏழு நாளில் பணம் கொடுத்தால் 2 சதவீதம் தள்ளுபடி தருகிறது. அதை விட்டுவிட்டு 30-ஆம் நாள் கொடுக்கிறீர்கள். 23 நாளுக்கு 2 சதவீதம் என்றால் வருடத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல். ஓடி வட்டி அதில் பாதிகூட இருக்காது. வசூலாகும் பணத்தை முதலில் இங்கே கொண்டுவாருங்கள்.

ஃபிட்டிங்ஸ் தரும் கோவை யூனிட்டுகள் சிறு, குறு உற்பத்தியாளர்கள். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் கொடுக்க வேண்டும். கெடு தாண்டி, அந்த நிதியாண்டுக்குள்ளும் கொடுக்காவிட்டால் அந்தக் கொள்முதலை அந்த வருடச் செலவாகக் கழிக்க வருமான வரியில் விடமாட்டார்கள். 2023-24 கணக்கு ஆண்டு முதல் இதுதான் சட்டம். ஆகவே தள்ளிப்போட இடமில்லை.

இங்கே ஒரு விலக்கைப் பொறுமையாகப் படியுங்கள், ஏமாற்று நடப்பது இதில்தான். இந்தக் கெடு உற்பத்தி செய்பவருக்கும் சேவை தருபவருக்கும் மட்டும். வியாபாரிக்கு இல்லை. சரக்கை வாங்கி விற்கும் இன்னொரு மொத்த வியாபாரியிடம் நீங்கள் வாங்கினால், அவரிடம் சிறு, குறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் சான்றிதழ் இருந்தாலும் இந்தக் கெடு பொருந்தாது. அதேபோல உங்களிடம் உத்யம் இருந்தாலும் உங்கள் கான்ட்ராக்டரை 45 நாளில் கொடு என்று இந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது. 2021 ஜூலையில் மொத்த, சில்லறை வியாபாரிகளை உத்யமில் சேர்த்தது வங்கியின் முன்னுரிமைக் கடனுக்காக மட்டும். கொடுக்கும்போது கெடு, வாங்கும்போது கெடு இல்லை. நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள். ‘உத்யம் எடுத்தால் பார்ட்டி 45 நாளில் கொடுத்தே ஆகணும்’ என்று ஐயாயிரம் கேட்பவரிடம் போகாதீர்கள். அந்தப் பதிவு அரசுத் தளத்தில் இலவசம்.

சரக்கு 46 நாள் என்பது இந்தத் தொழிலுக்குச் சுமார்தான். ஓடாத அளவுகளை மட்டும் மறு ஆர்டர் போடாமல் நிறுத்துங்கள்.

நால்வரிடம் உங்களுக்கு இருக்கும் ஒரே பிடி அடுத்த லோடு. புதிய லோடு கேட்டால், பழைய பில்லில் அதே தொகைக்கு வங்கிக் கணக்கில் பணம் விழுந்தபின் அனுப்புங்கள். பின்தேதி செக்குக்கு அனுப்ப வேண்டாம். இப்படிப் பாதி, அதாவது 17 லட்சம் வந்தாலும் ஓடி அவ்வளவு இறங்கும், 90 நாள் தாண்டியது என்பதால் டிராயிங் பவரில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. மீதி 13 லட்சத்துக்கு 60 நாள் தொட்ட பார்ட்டிகளுக்கு பில் நம்பர் போட்ட ஸ்டேட்மெண்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு நீங்களே பேசுங்கள், பையனை விட்டுப் பேச வைக்க வேண்டாம்.