மூன்று திட்டங்களின் விலைப் பக்கத்தைச் சுருக்குதல்

"சிறு கடைகளுக்கான பில்லிங் மென்பொருள். மாதம் ரூ. 199, 499, 999 என்று மூன்று திட்டங்கள், 24 வரி ஒப்பீட்டு அட்டவணை. எது தனக்கு என்று எல்லோரும் போனில் கேட்கிறார்கள். 199-இல் ஏதோ சூது இருப்பதாகவும் நினைக்கிறார்கள்."

மூன்று திட்டங்களிலும் ஒரே விடை வரும் வரிகளை முதலில் அடித்துவிட்டு, அவற்றை "எல்லாத் திட்டங்களிலும் உண்டு" என்று மேலே ஒரே வாக்கியமாக எழுதுங்கள். எஞ்சியவற்றில், கடைக்காரர் தம் கடையைப் பார்த்தே விடை சொல்லக்கூடியவை மட்டும் நிற்கட்டும்: மாதத்துக்கு எத்தனை பில், எத்தனை பயனர், எத்தனை கிளை. "அடிப்படை அறிக்கை", "மேம்பட்ட அறிக்கை" என்ற சொற்களிலிருந்து யாருக்கும் எதுவும் விளங்காது.

எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்று சொல்லாத இடத்தில்தான் பெரும்பாலும் ஐயம் பிறக்கிறது. 199-இன் கீழேயே, "மாதம் 300 பில் வரை. 301-ஆவது பில்லும் அச்சாகும், அடுத்த மாதம் 499 திட்டத்துக்கு மாறச் சொல்வோம்" என்று எழுதலாம். மாலை நெரிசலில் மென்பொருள் உண்மையிலேயே பில்லை நிறுத்திவிடுமானால், பக்கத்தைத் தொடுமுன் அதைத் திருத்துங்கள். கணக்கை எக்செல் கோப்பாக எடுக்கும் வசதி மேல் திட்டத்தில் பூட்டப்பட்டிருந்தால், அதையும் 199-க்கு இறக்கிவிடுங்கள். (நான் முன்பு வாங்கிய ஒரு மென்பொருளில் அது பூட்டியிருந்ததால், இரண்டு ஆண்டுக் கணக்கைக் கையால் பெயர்த்தெழுதினேன்.)

199 என்பது ஆண்டுச் சந்தாவை 12-ஆல் வகுத்து வந்த தொகை என்றால், பணம் செலுத்தும் திரையில்தான் அது தெரியவரும் என்ற நிலை கூடாது, "ஆண்டுக்கு ஒரே தவணையாக ரூ. 2,388, 18% ஜிஎஸ்டி சேர்த்து ரூ. 2,818" என்பதை விலைக்கு அருகிலேயே, அதே எழுத்தளவில் போடுங்கள்.