பெரிய வகுப்பில் ஆங்கிலம் பேச அஞ்சும் மாணவர்கள்: கேள்வி பதில்

என் வகுப்பில் 60 பேர். பாடவேளை 45 நிமிடம். என்ன கேட்டாலும் அதே ஆறு பேர்தான் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள். மற்றவர்களை எப்படிப் பேச வைப்பது, அம்மா?

ஒவ்வொருவராக எழுப்பினால் ஒரு மாணவருக்கு முக்கால் நிமிடம்தான் கிடைக்கும். அதையும் 59 பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே முதலில் கேட்பவர் எண்ணிக்கையை ஒன்றாகக் குறையுங்கள். ஒரே செய்தியை மூன்று பேரிடம், நான்கு, மூன்று, இரண்டு நிமிடங்களில் அடுத்தடுத்துச் சொல்லும் முறை ஆசிரியர்களிடையே பழக்கத்தில் உள்ளது. புதியவர்களுக்கு நான்கு நிமிடம் மலைப்பாக இருக்கும் என்பதால் நான் இரண்டு, ஒன்றரை, ஒன்று என்று குறைத்துக்கொள்கிறேன்.

30 பேர் பேசுவோர், 30 பேர் கேட்போர். தலைப்பு, நேற்று வகுப்பு முடிந்து வீடு சேரும்வரை நடந்தது. மூன்று நிமிடம் யோசிக்க விட்டு, துண்டுச் சீட்டில் ஐந்தே சொற்களை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். முழு வாக்கியம் எழுத விடாதீர்கள். எழுதியவர் படிப்பார், படிப்பவர் பேசமாட்டார். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பேசுவோர் அமர்ந்திருக்க, கேட்போர் மட்டும் ஓர் இடம் நகர்வார்கள். பிறகு இரு சாராரும் பங்கை மாற்றிக்கொள்வார்கள். ஆளுக்கு நாலரை நிமிடப் பேச்சு, ஏற்பாடுகளோடு சேர்த்து இருபது நிமிடத்திற்குள் முடிந்துவிடும்.

முதல் சுற்றில் "ஐ... ஐ வென்ட்... பஸ் ஸ்டாப்..." என்று திணறியவர், மூன்றாம் சுற்றில் அதே வாக்கியத்தைத் தடங்கலின்றிச் சொல்வதை நீங்களே கேட்கலாம். முதல் சுற்றின் நடுவிலேயே அறை அடங்கிவிட்டால் தலைப்பு கடினம். தலைகள் குனிந்திருந்தால் சீட்டில் வாக்கியங்கள் இருக்கின்றன. இம்முறைக்கு ஓர் எல்லையும் உண்டு: வேகம் கூடுமே தவிர, முதல் சுற்றில் செய்த பிழை பெரும்பாலும் மூன்றாம் சுற்றிலும் அப்படியே வரும். ஆகவே சுற்றுகளுக்கு இடையே, காதில் விழுந்த இரண்டு பிழைகளை மட்டும், யாருடையவை என்று சொல்லாமல், பலகையில் எழுதித் திருத்துங்கள்.

நான் மாணவன். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி அழைப்பார்கள். என் எண் நெருங்க நெருங்க, தெரிந்த பதிலும் மறந்துவிடுகிறது.

உங்கள் முறைக்கான வாக்கியத்தையே மனத்திற்குள் உருட்டிக்கொண்டிருப்பதால், முன்னால் பேசியவர்கள் சொன்னது எதுவும் உங்கள் காதில் விழுந்திருக்காது. ஆசிரியர் முதலில் கேள்வியைக் கேட்டு, அரை நிமிடம் பக்கத்திலிருப்பவரிடம் சொல்லிப் பார்க்க விட்டு, அதன் பிறகே பெயரை அழைத்தால் இந்தக் காத்திருப்பு குறையும். அவரிடம் தனியே கேட்டுப் பாருங்கள்.

அச்சம் என்பதெல்லாம் சாக்கு. சொல் தெரியவில்லை, அதனால் வாய் திறக்கவில்லை. சொற்களைக் கற்பித்தால் போதுமே!

பாதி சரி. 1986இல் ஹார்விட்ஸும் உடன் ஆய்வாளர்களும் இந்த அச்சத்தை அளக்க 33 கூற்றுகள் கொண்ட வினாத்தாளை வெளியிட்டார்கள். பின்னர் ஸ்பார்க்ஸும் கான்ஷோவும், மொழியில் உள்ள இடர்ப்பாடே முதலில் வருகிறது, அச்சம் அதன் விளைவு என்று வாதிட்டார்கள். மக்கிண்டயர் 1995இல் அதை மறுத்து எழுதினார்.

அப்படியானால் நான் சொன்னதை அறிஞர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு தரப்பார் சொன்னார்கள். ஒப்புக்கொள்ளப்பட்டதாக நான் எழுதவில்லை.

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் வகுப்பில் இலக்கணத்தில் முதலிடம் பெறும் மாணவிதான் வாயே திறப்பதில்லை. அவளுக்கும் சொல் பஞ்சமா?

அவளைத் தனியே அழைத்து, வகுப்பில் கேட்ட அதே கேள்வியைக் கேளுங்கள். உங்களிடம் சொல்லிவிட்டு வகுப்பில் மௌனமானால், அவளைத் தடுப்பது கேட்போர் கூட்டம். தனியேயும் சொல்ல முடியாவிட்டால், முந்தைய நண்பர் சொல்வதுபோல் சொற்களிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஆனால் எழுத்தில் வரும் சொல், பேசும் வேகத்தில் நாவுக்கு வராமலிருப்பதும் உண்டு. உங்களைக் கண்டே அஞ்சுகிறாளா என்றும் பாருங்கள். பல மாணவர்களிடம் அச்சமும் சொல் பஞ்சமும் கலந்தே இருக்கின்றன. எது முந்தியது என்பதை என்னால் பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை.

என் மகன் தாய்மொழியிலும் திக்கித் திக்கித்தான் பேசுகிறான். இந்த மூன்று சுற்று முறை உதவுமா?

இது வேறு. பேச்சுப் பயிற்சி வல்லுநரிடம் காட்டுங்கள். நேரக் கெடு வைக்கும் எந்தப் பயிற்சியும் அவனுக்கு இப்போது வேண்டாம்.

ஜோடியாகப் பேச விட்டால் தாய்மொழியில் அரட்டை அடிக்கிறார்களே?

யோசிக்கும் மூன்று நிமிடத்தில் தாய்மொழி இருக்கட்டும். சுற்று தொடங்கிய பிறகும் அரட்டை என்றால், கேட்பவருக்கு வேலை இல்லை என்று பொருள். பேசியவரைப் பற்றிய ஒரு செய்தியை அடுத்தவரிடம் ஆங்கிலத்தில் சொல்லச் செய்யுங்கள்.

பிழையாகப் பேசும்போதே திருத்தினால்தானே மனத்தில் பதியும்?

முதல் பதிலிலேயே எழுதியிருக்கிறேன்: சுற்றுகளுக்கு இடையே, இரண்டு பிழைகள், பெயர் சொல்லாமல்.

பேசுவதற்கு முன் முழுதாக எழுதிக்கொள்ளச் சொன்னால் தைரியம் வருமா, அம்மா?

வராது. ஐந்து சொற்கள்.