கேட்டால் வருவது உங்கள் வரைவு அல்ல

கேள்வி: "சார், மேலப்பாளையத்துல இருந்து எழுதுறேன், பி.ஏ. மூணாம் வருஷம். கட்டுரையை சாட்ஜிபிடியில போட்டு அஞ்சாறு தடவை திருத்திட்டேன். இப்ப மேடம் முதல் வரைவைக் கேக்காங்க. அதுகிட்டயே கேட்டா ஏதோ தருது, நான் எழுதுன மாதிரி இல்ல. வேற காப்பியும் கிடையாது. கிடைக்குமா?"

கிடைக்கும் தங்கச்சி. அதனிடம் கேட்பதை நிறுத்திவிட்டு, அதே உரையாடலில் விரலால் மேலே தள்ளிக்கொண்டே போங்கள். நீங்கள் ஒட்டியது ஒட்டியபடியே அங்கே கிடக்கும்.

"என் முதல் வரைவைக் கொடு" என்றால் அது அலமாரியிலிருந்து எடுத்துத் தருவதில்லை. புதிதாக எழுதித் தருகிறது. உரையாடல் நீண்டுவிட்டால் தொடக்கப் பகுதி அதன் பார்வைக்கே எட்டாமல் போகலாம். அப்போதும் கூசாமல் ஒன்றைத் தரும்.

பாளையங்கோட்டைத் தம்பி ஒருவர் 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி எழுதியிருந்தார். "ஆச்சி பரண்ல ஏறி விடியவிடிய கொப்பரையைக் கட்டிப் பிடிச்சிட்டு இருந்தா" என்பது அவர் வரி. திரும்பி வந்ததில் "முதியோர் இரவு முழுவதும் அச்சத்தில் கழித்தனர்" என்று இருந்தது. தலைப்பும் பத்தி எண்ணிக்கையும் சரியாக இருந்ததால் ஏமாந்துவிட்டார். உங்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய சொல் ஒன்றை, அவருக்குக் கொப்பரை மாதிரி, தேடிப் பாருங்கள். இல்லையென்றால் அது உங்கள் வரைவு இல்லை.

மேலே போயும் காணவில்லையா? ஒட்டிய செய்தியையே பென்சில் குறியைத் தொட்டு மாற்றியிருப்பீர்கள். அப்படிச் செய்தால் பழையது மறையுமே தவிர அழியாது. அந்தச் செய்தியின் அடியில் `2/2` என்று சிறிதாக இருக்கும். இடப்பக்க அம்பைத் தொட்டால் `1/2` வரும், அதுதான் பழையது. மூன்று முறை மாற்றியிருந்தால் `1/4` வரை போக வேண்டும். அந்தக் குறி தெரியவில்லையென்றால் கணினியில் திறந்து, செய்தியின் மேல் மவுஸை வைத்துப் பாருங்கள். இதைத் தெரியாமல் "போச்சு" என்று அழுதவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

பிரவுசிங் சென்டரில் கடைக்காரர் கணக்கில் உட்கார்ந்து செய்திருந்தால் இன்றே ஓடுங்கள். அவர் பட்டியலைத் துடைத்துவிட்டால் அவ்வளவுதான். அங்கேயே ஒருவர் "மூணு வரைவும் ரெடி பண்ணித் தாரேன், ஆயிரம் ரூவா" என்பார். கடைசிப் பிரதியை அதே கருவியில் போட்டு மூன்றாகக் கெடுத்துத் தருவதுதான் அவர் தொழில். மூன்று கோப்பும் ஒரே மத்தியானத்தில் பிறந்தவை என்று கோப்பின் விவரத்திலேயே தெரியும். கல்லூரிகளையும் சொல்ல வேண்டும்: ஒப்புமைச் சதவீதத் தாளுக்கு முத்திரை குத்துவார்கள், தகராறு வந்த பிறகுதான் வரைவு ஞாபகம் வரும்.

அடுத்த கட்டுரையை கூகுள் டாக்ஸிலேயே தட்டுங்கள். கருவியிடம் கொடுக்கும் முன் ஒவ்வொரு முறையும் கணினியில் `File > Version history > Name current version` போய் "வரைவு 1, ஆச்சி பகுதியுடன்" என்பது போலப் பெயர் வையுங்கள். பெயர் வைக்காத பழைய பதிப்புகளை அது ஒன்றோடொன்று சேர்த்துவிடக்கூடும். கருவி தந்ததைத் தனிக் கோப்பில் வையுங்கள். உங்கள் கோப்பின் மேல் ஒட்டாதீர்கள்.