கிணற்று மண் எவ்வளவு உயரம் வரும்? புத்தகம் 2.5 மீட்டர் என்றது, மண் வேறு சொன்னது

கேள்வி: "7 மீட்டர் விட்டம், 20 மீட்டர் ஆழத்துக்குக் கிணறு வெட்டி, மண்ணை 22க்கு 14 மீட்டர் இடத்தில் பரப்பினால் 2.5 மீட்டர் உயரம் வரும் என்று பையனின் கணக்குப் புத்தகத்தில் விடை இருக்கிறது. எங்கள் தோட்டத்தில் கிணறு வெட்டப் போகிறோம். இதே மாதிரி போட்டுப் பார்த்துப் பள்ளத்தை நிரப்பலாமா?"

பையன் தேர்வுக்கு 2.5 என்றே எழுதட்டும், முழு மதிப்பெண் கிடைக்கும். தோட்டத்துக்கு அந்த எண்ணை அப்படியே எடுத்துப் போகாதீர்கள். நான் எடுத்துப் போனேன், அதனால்தான் எழுதுகிறேன்.

1994 கோடை. பத்தாவது பரீட்சை முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். எங்கள் ஊர் தாராபுரம் பக்கம். அப்பா மேட்டுக்காட்டில் கிணறு வெட்ட ஆள் பேசியிருந்தார். தோட்டத்துக்குக் கீழ்ப்புறம் ஒரு பள்ளம் கிடந்தது. தாத்தா காலத்தில் செங்கல் சூளைக்கு மண் எடுத்த இடம், ஏறக்குறைய இரண்டரை அடி ஆழம், அடி மட்டமாக, அளவெடுத்தது போல 110க்கு 70 அடி. அதை நிரப்பிக் களமாக்க வேண்டும் என்பது அப்பாவின் பல வருட ஆசை. "கண்ணு, கெணத்து மண்ணு இதுக்குப் பத்துமா பாரு" என்றார். வீட்டில் என்னிடம் யாராவது கணக்குக் கேட்டது அதுதான் முதல் தடவை.

கிணற்றின் வெட்டு விட்டம் 28 அடி. 30 அடிக்குக் கீழே பாறை என்று பக்கத்துக் கிணறுகளை வைத்துத் தெரியும், அதனால் மண் என்பது அந்த 30 அடிதான். ஆரம் 14, அதை அதாலேயே பெருக்கினால் 196, 22/7 போட்டால் கிணற்று வாய் 616 சதுர அடி. முப்பதால் பெருக்க 18,480 கன அடி. எங்கள் பக்கம் 100 கன அடி ஒரு யூனிட், ஆக 185 யூனிட். பள்ளத்தின் பரப்பு 7,700 சதுர அடி. வகுத்தால் 2.4 அடி, மிச்சமே இல்லாமல் வந்தது. "ஒரு அங்குலந்தாம்பா கொறையும்" என்றேன். அப்பா அதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

(22/7 தவறு, 3.1416 போட வேண்டும் என்று யாராவது வருவார்கள். போட்டுப் பாருங்கள், மொத்தத்தில் ஏழெட்டு கன அடி குறையும். இருபது சட்டி மண். உண்மையான தப்பு அங்கே இல்லை.)

சித்திரையில் வெட்டத் தொடங்கினார்கள். முதல் ஐந்து அடி செம்மண், அதற்குக் கீழே சுக்கான், அப்புறம் கடப்பாரைக்குப் பெயர்ந்து வரும் நைந்த பாறை. கிரேன் வைத்துத் தூக்கி டிராக்டரில் கொட்டிக் கீழே அடித்தார்கள். டிராக்டர் பெட்டியை நானே டேப் வைத்து அளந்தேன், தலை தட்டினால் ஒரு யூனிட். தினமும் நோட்டில் கோடு போட்டேன். 192 லோடில் பள்ளம் விளிம்பு வரை நிறைந்துவிட்டது. கிணற்றிலோ இன்னும் ஐந்து அடி வெட்ட வேண்டியிருந்தது. எனக்குக் கை நடுங்கியது. கணக்கைப் பத்து தடவை திருப்பிப் போட்டேன், 2.4 தான் வந்தது.

கடைசியில் மொத்தம் 231 லோடு. ஆள் வைத்தவர் 231 யூனிட்டுக்குக் காசு கேட்டார். அப்பா என் நோட்டைக் காட்டி 185 என்றார். "ஏனுங்க, மண்ணு வெளிய வந்தா மூச்சு உடுமுங்க, பொங்கத்தானுங்க செய்யும்" என்றார் அவர். ஏமாற்றுகிறார் என்று அப்பாவும் நானும் முடிவே கட்டிவிட்டோம். வார்த்தை தடித்து, ஊர்ப் பெரியவர் ஒருவர் நடுவில் உட்கார்ந்து, ஏதோ ஒரு தொகைக்கு ஒத்துக்கொண்டார்கள்.

அந்த ஆள் சொன்னது நிஜம். பூமிக்குள் மண் பல நூறு வருடம் தன் பாரத்தாலேயே அமுங்கிக் கிடக்கிறது. வெட்டிக் கிளறியதும் கட்டிக்கும் கட்டிக்கும் நடுவே காற்றுப் புகுந்துகொள்கிறது. எடை அதேதான், இடம்தான் கூடுகிறது. சாதாரண மண் நூற்றுக்கு இருபது முப்பது பங்கு பொங்கும், மணலும் சரளையும் அதைவிடக் குறைவு, களிமண் கூடுதல், வெடி வைத்து உடைத்த பாறை ஒன்றரை மடங்கு வரைக்கும் போகும். எங்களுக்கு வந்தது சரியாக 25 சதவீதம்: 18,480 கன அடி 23,100 ஆகிவிட்டது. முழுவதையும் அந்தப் பள்ளத்தில் கொட்டியிருந்தால் 2.4 அடி இல்லை, 3 அடி நின்றிருக்கும்.

இது தெரிய காலேஜ் போக வேண்டியதில்லை. மனை பார்க்கும்போது குழி தோண்டி, அதே மண்ணைத் திருப்பிப் போட்டு, மிஞ்சினால் உத்தமம், குறைந்தால் அதமம் என்று பழைய ஆட்கள் பார்ப்பார்களே, அதேதான் இது. எங்கள் ஆயா அதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான்தான் அதையும் பத்தாவது கணக்கையும் சேர்த்து யோசிக்கவில்லை.

சரி, சண்டை முடிந்தது என்று பார்த்தால் அதற்கு மேல் ஒரு முட்டாள்தனம் செய்தோம். விளிம்பு வரை நிறைந்த பிறகு வந்த 39 லோடையும் பக்கத்துக் காட்டுக்காரர் மாட்டுக் கொட்டகைக்கு அடித்துக்கொண்டார். மிச்ச மண்தானே என்று அப்பா சும்மாவே கொடுத்தார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. நாலு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் களம் குளமாக நின்றது. விளிம்பிலிருந்து மூன்றரை அங்குலத்துக்கு மேல் இறங்கிவிட்டது. தண்ணீர் இறங்க இறங்க, பொங்கின மண் திரும்ப அமுங்குகிறது. ஆனால் மழையால் மட்டும் பழைய இறுக்கத்துக்குப் போகாது. எங்கள் மண் ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு கிணற்றில் இருந்ததைவிட ஏறக்குறைய பத்து சதவீதம் கூடுதலில் நின்றது. அந்த வீதத்தில் மொத்த மண்ணையும் போட்டிருந்தால் 2.64 அடி இருந்திருக்கும், விளிம்புக்கு மேல் ஒன்றரை அங்குலம் மேடாக நின்று தண்ணீர் தானாக வழிந்திருக்கும். நாங்கள் போட்டதோ இரண்டரை அடி உதிரி மண். அது 2.2 அடிக்கு இறங்கிவிட்டது. டிராக்டர் போய் வந்த தடத்தில் மட்டும் முன்பே இறுகி இருந்ததால் அங்கே மேடு, மற்ற இடமெல்லாம் பள்ளம். அந்த வருடம் கடலைக்காயை ரோட்டில்தான் காயப்போட்டோம்.

ஆக, அதே மண்ணுக்கு நாலு உயரம் இருக்கிறது. புத்தகக் கணக்கில் 2.4 அடி. கொட்டின அன்று 3. மழை கண்ட பிறகு 2.64. முக்கால் அடி முக்கால் அடியாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டினால் சில மண் பூமியில் இருந்ததைவிடவும் இறுகி 2.2க்குக் கிட்டே வந்துவிடும். உங்களுக்கு எந்த நாளைய உயரம் வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். இந்தச் சதவீதங்கள் எங்கள் காட்டு மண்ணுக்கு வந்தவை, வேதவாக்கு இல்லை. பொறியாளர்கள் பரிசோதனைச்சாலை எண்களோடு சண்டைக்கு வர வேண்டாம். உங்கள் மண்ணுக்கு எவ்வளவு என்று தெரிய, கிணறு வெட்டும் இடத்தில் ஒரு அடி நீளம், அகலம், ஆழத்துக்குச் சதுரமாகக் குழி எடுத்து, அந்த மண்ணை ஒரு அடிச் சதுரப் பெட்டியில் அமுக்காமல் கொட்டி உயரத்தை அளந்துவிடுங்கள். 15 அங்குலம் வந்தால் 25 சதவீதம். மேல் மண்ணுக்கு ஒரு தடவை, கீழே வேறு மண் வந்ததும் இன்னொரு தடவை.

இன்னொன்று, எந்த விட்டம்? கல் கட்டி முடித்த பிறகு உள்ளே அளந்து சொல்லும் விட்டம் வேறு, வெட்டின விட்டம் வேறு. எங்கள் கிணறு கட்டி முடிந்ததும் உள்ளே 25 அடிதான். அதைப் போட்டிருந்தால் விட்டத்தில் மூன்று அடிதான் குறைச்சல், மண்ணில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். ஆரத்தை இரண்டு தடவை பெருக்குகிறோம் இல்லையா, சின்னத் தப்பும் இரட்டிப்பாகிவிடும். கிணறு அந்த இடத்துக்குள்ளேயே இருந்தால் அதன் வாய்ப் பரப்பைக் கழித்துவிட்டு வகுக்க வேண்டும் என்பது உங்கள் பையனுக்கே தெரிந்திருக்கும்.

பயிர் வைக்கிற எண்ணம் இருந்தால் முதல் ஐந்து அடிச் செம்மண்ணைத் தனியாகக் குவித்து வையுங்கள். முதலில் வெட்டுவது முதலில் கொட்டப்படும், அடியில் போய்விடும், மேலே சுக்கான் வந்து உட்காரும். எங்கள் பள்ளத்தில் நல்ல மண் முழுவதும் அடியில் ஐந்து அங்குலமாகப் புதைந்து கிடக்கிறது. மேலே வேலிக்கருவை தவிர எதுவும் வரவில்லை. களம்தானே என்று விட்டோம்.

கூலி பேசும்போது "வெட்டின குழி அளவா, லோடு அளவா" என்று கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். அரசு வேலைகளில் குழியைத்தான் அளப்பார்கள். லோடு என்றால் அதற்குத் தகுந்த மாதிரி யூனிட் விலையைக் குறைத்துப் பேசுங்கள். எங்கள் ஆளிடம் நாங்கள் அதைக் கேட்கவே இல்லை, அவரும் சொல்லவில்லை. தப்பு இரண்டு பக்கமும் என்று இப்போது சொல்வேன். அன்றைக்கு அவரைத் திருடன் என்று நான் சொன்னது இன்னும் உறுத்துகிறது.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கிணறும் களமும் பாகம் பிரித்தபோது அண்ணனுக்குப் போய்விட்டது. தமிழ்நாட்டில் 1989லேயே பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குச் சம பங்கு என்று சட்டம் வந்துவிட்டது, அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்குத்தான் கிடையாது. 1994ல் கிணறு வெட்டும்போதுகூட எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அதனால் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் பங்கு பிரிக்கும்போது கல்யாணம் ஆகிவிட்டிருந்தது, "உனக்குத்தான் நகை போட்டமே கண்ணு" என்றார்கள், கையெழுத்துப் போட்டேன். 231 கோடு போட்ட அந்த நோட்டு மட்டும் என்னிடம் இருக்கிறது. போன வருடம் அண்ணன் அந்தக் களத்துக்கு மேலே இன்னும் 40 லோடு கிராவல் அடித்தானாம். எவ்வளவு உயரும் என்று என்னைக் கேட்கவில்லை.

உங்கள் கிணற்றுக்கு வெட்டு விட்டம் எவ்வளவு, பாறை எத்தனை அடியில் என்று கீழே எழுதுங்கள். பெட்டியில் அளந்த அங்குலத்தையும் சேர்த்து எழுதினால் போட்டுத் தருகிறேன்.